எலுமிச்சை நிறம் என்றார்கள், காமாலை என்று யாருக்கும் தெரியவில்லை

நூல்கண்டு (ஈரோடு)

எங்கள் பெண் பிறந்து இன்றோடு பன்னிரண்டு நாள். இப்போது நன்றாக இருக்கிறாள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

37 வாரத்தில் சுகப்பிரசவம், எடை 2.7 கிலோ. இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது டாக்டர் குழந்தையைப் பார்த்துவிட்டு "மஞ்சள் எதுவும் தெரியவில்லை, கூட்டிப் போகலாம்" என்றார். நானும் மனைவியும் கறுப்புதான். குழந்தையின் காது மடலைப் பார்த்துவிட்டு என் அம்மாவும் "உன் நிறம்தான்டா" என்று சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் பார்க்க வந்த பெரியம்மா, "பொறந்தப்ப இருந்ததுக்கு இப்ப நல்லா கலராகிட்டு வருது, எலுமிச்சம்பழம் மாதிரி" என்றார். எங்களுக்கும் சந்தோஷம்தான். பொய் சொல்ல மாட்டேன்.

நான்காம் நாள் குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தது. பாலுக்கு எழுப்பினால் இரண்டு வாய் குடித்துவிட்டுத் திரும்பத் தூங்கியது. "சமத்துப் பிள்ளை" என்றார்கள். அன்று சாயங்காலம் எங்கள் ஊர் நர்ஸம்மா எடை பார்க்க வந்தார். குழந்தையின் உள்ளங்காலைப் பிடித்து வாசல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முகத்தை அவர் பார்க்கவே இல்லை. "இப்பவே கிளம்புங்க" என்றார். காமாலையில் மஞ்சள் நிறம் தருகிற பிலிருபின் ரத்தத்தில் 19.4 இருந்தது. நீல விளக்கில் ஒன்றரை நாள் வைத்தார்கள்.

என் கேள்வி இதுதான். படித்த டாக்டர் கண்ணுக்கு எப்படித் தப்பியது? கறுப்புக் குழந்தைக்குக் காமாலை தெரியாதா?

பாட்டிவைத்தியம்

தினமும் காலை இளவெயிலில் அரை மணி நேரம் காட்டியிருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது தம்பி. எங்கள் வீட்டில் நான்கு பிள்ளைகளையும் அப்படித்தான் பார்த்தோம். தாய்க்குக் கீழாநெல்லி கொடுங்கள், பால் வழியாகப் போகும்.

வெட்டிப்பேச்சு

இந்தக் கருந்தோல் விவகாரமெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டுப் பிரச்சனை. அங்கே டாக்டர்கள் வெள்ளைத் தோலையே பார்த்துப் பழகியவர்கள். நம் ஊர் டாக்டர் காலையிலிருந்து இரவு வரை பார்ப்பதே மாநிறமும் கறுப்பும்தான். அவருக்கு எப்படித் தெரியாமல் போகும்? அலட்சியமாகப் பார்த்திருப்பார், அவ்வளவுதான். நிறத்தின் மேல் பழி போடாதீர்கள்.

தொட்டில் (குழந்தை மருத்துவர்)

நூல்கண்டு, முதலில் ஒரு விஷயம். 48 மணி நேரத்தில் உங்கள் குழந்தைக்கு 19 இருந்திருக்காது. நிறைமாதக் குழந்தைகளுக்கும் இந்த அளவு மூன்றிலிருந்து ஐந்தாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். நாம் வீட்டுக்கு அனுப்புவதோ இரண்டாம் நாள். ஏறுமுகத்தில் இருக்கும்போது கதவைத் திறந்து அனுப்புகிறோம். ஆகவே டாக்டர் பார்த்த நேரத்தில் மஞ்சள் நான்காம் நாள் அளவுக்குத் தெரியாமல் இருந்தது நியாயம்தான்.

ஆனால் அவரை முழுதாக விடுவிக்கவும் முடியவில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேகமாக ஏறும் குழந்தைகளில் மணிக்கு 0.2 வரை ஏறும், சில சமயம் அதற்கு மேலும். இரண்டு நாளில் சுமார் 10 ஏறியது என்று வைத்தால், வீட்டுக்குக் கிளம்பும்போதே 10 பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். நாங்கள் படித்த பட்டியல்படி 10 என்றால் மஞ்சள் முகத்தைத் தாண்டி நெஞ்சுக்கு இறங்கியிருக்க வேண்டும். 1969இல் கிரேமர் என்பவர் எழுதியது அது: முகம் 6 பக்கம், தொப்புள் வரை 9, தொடை வரை 12, கை கால் 15, உள்ளங்கை உள்ளங்கால் வந்தால் அதற்கும் மேலே. இன்றும் வார்டில் இதைத்தான் ஒப்பிக்கிறோம். உங்கள் நர்ஸம்மா உள்ளங்காலைப் பார்த்தது இதனால்தான். அங்கே நிறமி குறைவு, மஞ்சள் மறைய இடமில்லை.

நெஞ்சில் ஏன் தெரியவில்லை? மஞ்சள் என்று நாம் பார்ப்பது உண்மையில் நீலம் காணாமல் போனதைத்தான். பிலிருபின் தோலுக்கு அடியில் இருந்துகொண்டு நீல ஒளியை விழுங்குகிறது; திரும்பி வரும் ஒளியில் நீலம் குறைவதால் தோல் மஞ்சளாகத் தெரிகிறது. மேல்தோலில் இருந்து கருநிறம் தரும் மெலனினும் அதே நீலத்தைத்தான் அதிகம் விழுங்கும். ஒளி உள்ளே போகும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை. வெள்ளைக் குழந்தையிடம் பிலிருபின் பறிக்க நிறைய நீலம் இருக்கிறது, பறித்தால் பளிச்சென்று தெரியும். கறுப்புக் குழந்தையிடம் மெலனின் முன்பே பாதியைப் பறித்துவிட்டது. மிச்சத்தில் கொஞ்சம் குறைந்தால் 'கொஞ்சம் கலராக' இருக்கிறது என்று மட்டும் தோன்றும். உங்கள் பெரியம்மா கவனித்தது சரி. அவர் வைத்த பெயர்தான் தப்பு.

வெட்டிப்பேச்சு சொன்னதில் பாதி உண்மை. கண் பழகுவது பழகும். ஆனால் எங்கள் கண்ணுக்குக் கொடுத்த சொற்கள் பழகவில்லை. 'பிங்க்', 'சிவந்த', 'எலுமிச்சை மஞ்சள்' என்று படித்துவிட்டு அதையே தேடுகிறோம். அது கிடைக்காவிட்டால் 'இல்லை' என்று எழுதுகிறோம்.

ராத்திரிடியூட்டி (ஹவுஸ் சர்ஜன்)

சார் சொன்னது அப்படியே எனக்கு நடந்தது. டெங்கு வார்டில் ஒரு அண்ணனுக்கு உடம்பெல்லாம் தடிப்பு வந்திருக்கிறது என்று அவர் மனைவி சொன்னார். நல்ல கறுப்பு அவர். நான் டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. புத்தகத்தில் 'சிவப்புக் கடலில் வெள்ளைத் தீவுகள்' என்று இருக்கும். கடலும் இல்லை, தீவும் இல்லை. கேஸ் ஷீட்டில் 'தடிப்பு இல்லை' என்று எழுதிவிட்டேன்.

காலையில் ரவுண்ட்ஸ் வந்த மேடம், அவர் முதுகில் தன் உள்ளங்கையை முழுதாக வைத்து அழுத்தி எடுத்தார். கை பட்ட இடம் அப்படியே ஐந்து விரலோடு வெளிறித் தெரிந்தது, இரண்டு மூன்று நொடியில் மறைந்தது. அப்போதுதான் புரிந்தது: அவர் முதுகு முழுவதும் சிவந்துதான் இருந்திருக்கிறது. அவர் தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியவில்லை, வழக்கத்தைவிட ஒரு படி கருத்துத் தெரிந்தது. எல்லா இடமும் ஒரே மாதிரி கருத்திருந்ததால் ஒப்பிட இடமில்லை. அவர் மனைவிக்குத் தெரிந்தது, ஏனென்றால் அவர் நிறம் எப்படி இருக்கும் என்று அந்த அக்காவுக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பரீட்சைக்குக் கேஸ் வைக்கும்போது, சொல்லப்படும் குறி நன்றாகத் தெரிகிற நோயாளியைத்தான் தேடிப் பிடிப்பார்கள். அது பெரும்பாலும் வெளுத்த தோல்காரராகத்தான் இருக்கும். ஆக நம் ஊரிலேயே படித்தாலும் 'கிளாசிக் கேஸ்' என்றால் சிவப்பு ஆள்தான்.

செல்விமகன்

என் தங்கை குழந்தையும் கறுப்பாகப் பிறந்திருக்கிறது. கலராக வர என்ன தேய்த்துக் குளிப்பாட்டலாம்? கடலைமாவு போடலாமா?

தொட்டில்

செல்விமகன், இந்த இழை அதைப் பற்றியது இல்லை. எதுவும் தேய்க்க வேண்டாம். பிறந்த குழந்தையின் தோலில் நிறமி முழுதாக ஊறியிருக்காது, சில வாரத்தில் தன் நிறத்துக்கு வரும். காது மடலைப் பார்த்து நிறம் சொல்கிற பழக்கம் அதனால்தான். முதல் வாரத்திலேயே 'வெளுத்துக்கொண்டு வருகிறது' என்றால் சந்தோஷப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள். தங்கையிடம் அதைச் சொன்னால் போதும்.

பாட்டிவைத்தியம் அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. வெயிலில் நீல ஒளி இருப்பது உண்மை, நீங்கள் சொல்வது அடிப்படை இல்லாதது அல்ல. ஆனால் எவ்வளவு கிடைக்கிறது என்று அளக்க முடியாது. விளக்கு வேலை செய்ய உடம்பு முழுவதும் மணிக்கணக்கில் பட வேண்டும்; வெயிலில் அதைச் செய்தால் குழந்தை சூடாகி நீர் வற்றும். 19 இருக்கும் குழந்தையை 'நாளைக் காலை வெயில் வரட்டும்' என்று வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் என் பயம். கீழாநெல்லியைத் தாய்க்குக் கொடுத்துக் குழந்தையின் பிலிருபின் இறங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

நூல்கண்டு, தாய்க்கும் குழந்தைக்கும் ரத்த வகை என்ன?

நூல்கண்டு

மனைவி ஓ பாசிட்டிவ், குழந்தை பி பாசிட்டிவ் என்று சீட்டில் இருக்கிறது சார். இதில் ஏதாவது இருக்கிறதா?

தொட்டில்

இருக்கலாம். ஓ வகைத் தாயின் எதிர்ப்புப் பொருள் குழந்தையின் பி வகைச் செல்களை உடைக்கும். உடைந்தால் பிலிருபின் வேகமாக ஏறும். எல்லா ஓ–பி ஜோடிக்கும் நடக்காது. 37 வாரம் என்பதும் சேர்ந்துகொண்டது. இந்த இரண்டும் பிறந்த அன்றே தெரிந்த விஷயங்கள், தோலைப் பார்க்கவே தேவையில்லை. எனக்கு வருத்தம் அங்கேதான். கண் தவறலாம். ஆனால் தவறும் என்று தெரிந்த கண்ணை மட்டும் நம்பி, அளந்தும் பார்க்காமல், திரும்ப வர வேண்டிய தேதியும் கொடுக்காமல் அனுப்பியிருக்கிறார்கள்.

மருதாணி (லெஸ்டர்)

நான் இங்கிலாந்தில் பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். ஊர் மதுரைப் பக்கம். உங்கள் 19.4 எங்கள் அளவில் 330க்கு மேல் வரும் அண்ணா. இங்கே அலகு வேறு, 17.1 ஆல் பெருக்க வேண்டும்.

'அங்கே மட்டும்தான் இந்தப் பிரச்சனை' என்று ஒருவர் எழுதியிருந்தார். இங்கே பிரச்சனை இருக்கிறது, அதை எழுத்திலும் வைத்திருக்கிறார்கள். 2023இல் இங்கே அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் இனம் மற்றும் சுகாதார ஆய்வகம், ஷெஃபீல்டு ஹாலம் பல்கலைக்கழகத்தை வைத்து ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. பிறந்த குழந்தையைப் பார்க்கும் முறையில் மூன்றை எடுத்துக்கொண்டார்கள்: பிறந்தவுடன் குழந்தையின் நிலைக்குப் போடும் ஆப்கார் மதிப்பெண், நீலம் பாரிப்பது, காமாலை. மூன்றுமே கறுப்பு, ஆசியக் குழந்தைகளுக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்று வந்தது. ஆப்கார் 1953இலிருந்து இருக்கிறது. பத்து மதிப்பெண்ணில் இரண்டு, நிறத்துக்கு. முழு இரண்டும் வாங்க உடம்பு முழுவதும் 'பிங்க்' ஆக இருக்க வேண்டும்! ஆப்பிரிக்கக் குழந்தை எங்கே பிங்க் ஆகும்? நாங்கள் நாக்கையும் ஈறையும் பார்த்து மதிப்பெண் போடுகிறோம். சிலர் கைப்பழக்கத்தில் போட்டுவிடுவார்கள். 'பிங்க்' என்று டிக் அடித்திருக்கும், எந்த இடத்தைப் பார்த்து என்று இருக்காது.

காமாலைக்கு எங்களுக்குச் சொல்லியிருப்பது: துணியை முழுதாக அவிழ்த்து, ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், தோலை விரலால் அழுத்தி எடுத்து, அந்த வெளிறிய இடத்தில் என்ன நிறம் என்று பார். விழி வெள்ளையைப் பார், ஈறைப் பார். பிறந்த குழந்தை கண்ணைத் திறக்காது, பிரிக்கப் போனால் இன்னும் இறுக்கும். செங்குத்தாகத் தூக்கி மெல்ல முன்னும் பின்னும் சாய்த்தால் தானே திறக்கும், என் சீனியர் சொல்லிக் கொடுத்தது. மஞ்சள் பல்பு, மஞ்சள் சுவர், மஞ்சள் திரை இருக்கும் அறையில் பார்த்தால் பார்த்ததாகவே கணக்கில்லை.

அப்புறம் முக்கியமானது: மஞ்சள் இருக்கிறது என்று பட்டால் எவ்வளவு என்று கண்ணால் மதிப்பிடக் கூடாது. நெற்றியிலோ நெஞ்சிலோ வைத்து ஒளி விட்டு அளக்கும் மீட்டர் இருக்கிறது, அது இல்லாவிட்டால் ரத்தம்.

ராத்திரிடியூட்டி

மருதாணி அக்கா, அந்த மீட்டரும் ஒளியை வைத்துத்தானே அளக்கிறது? மெலனின் அதையும் ஏமாற்றாதா?

மருதாணி

ஏமாற்றும் தம்பி. ஆனால் பெரும்பாலும் கறுப்புக் குழந்தைகளில் உள்ளதைவிடக் கூடத்தான் காட்டும். அதனால் தேவையில்லாமல் சில குழந்தைகளுக்கு ஊசி குத்துகிறோம், நிஜக் காமாலையைத் தவறவிடுவது குறைவு. அளவு உங்கள் அலகில் 15ஐத் தாண்டினால் மீட்டரை நம்புவதில்லை, ரத்தம்தான். விளக்கில் வைத்த பிறகு மீட்டரும் கண்ணும் இரண்டுமே உதவாது. விளக்கு பட்ட தோல் வெளுத்துவிடும், ரத்தத்தில் அப்படியே இருக்கும்.

ஓய்வுபெற்றவன்

ஆக்சிஜன் பார்க்கும் விரல் கிளிப்பும் இப்படித்தானா? கொரோனா இரண்டாம் அலையில் என் அண்ணனுக்கு 94 காட்டியது, '94 இருக்கிறது, வீட்டில் இருங்கள்' என்றார்கள். அவருக்குப் பேச மூச்சு வாங்கியது. பீடி குடித்து உதடு எப்போதும் கருத்துத்தான் இருக்கும், நீலம் எல்லாம் எங்களுக்குத் தெரியவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் தமனி ரத்தம் எடுத்துப் பார்த்தபோது 86. பிழைத்துக்கொண்டார். எந்திரக் கோளாறு என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன்.

தொட்டில்

ஐயா, அண்ணன் விஷயத்தில் ஒரு நாளில் நோயே முற்றியிருக்கலாம், அதை இங்கிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் சந்தேகம் சரியான சந்தேகம். 2020 டிசம்பரில் மிச்சிகன் மருத்துவர்கள் வெளியிட்டார்கள்: கிளிப் 92க்கும் 96க்கும் இடையில் காட்டிய கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம் பேருக்கு உண்மையில் 88க்குக் கீழே இருந்தது. வெள்ளையர்களில் அது 3.6 சதவீதம். பிலிருபின் மீட்டர் தவறினால் கூடுதல் ஊசியோடு போகும். இது தவறினால் ஆபத்தான பக்கம் தவறுகிறது: ஆக்சிஜன் குறைந்தவருக்கு நன்றாக இருப்பதாகக் காட்டுகிறது. நம்மவர்கள் தோலில் எவ்வளவு தவறுகிறது என்று அந்த எண்களை அப்படியே எடுத்துச் சொல்ல மாட்டேன்.

நீலம் பாரிப்பதில் இன்னொரு சிக்கல், அது நிறத்தை மட்டும் சேர்ந்தது இல்லை. தோலின் நுண்குழாய்களில் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்குச் சுமார் 5 கிராம் சேர்ந்தால்தான் கண்ணுக்கு நீலம் படும். 15 கிராம் ரத்தம் உள்ளவருக்கு அது மூன்றில் ஒரு பங்கு. ரத்தசோகையில் 7 கிராம் உள்ள பெண்ணுக்கு? பத்தில் ஏழு பங்கு ஆக்சிஜன் இழந்த பிறகுதான் நீலம் வரும், அதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும். கறுப்பாகவும் ரத்தசோகையோடும் ஒருவர் வந்தால் நீலத்துக்காகக் காத்திருப்பதே தப்பு. மூச்சை எண்ண வேண்டும். நிறம் பார்த்தே ஆக வேண்டுமென்றால் உதட்டை விட்டுவிட்டு நாக்கைப் பாருங்கள், பீடி அதைக் கருக்க வைப்பது அபூர்வம்.

வெட்டிப்பேச்சு

சரி, ஒத்துக்கொள்கிறேன், அலட்சியம் மட்டும் இல்லை. ஆனால் டாக்டர், கண்ணை நம்பாதே என்றால் என்ன செய்வது? எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த மீட்டர் இல்லை. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் லேபும் இல்லை. கண்தான் இருக்கிறது. அதையும் வேண்டாம் என்றால், பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் ரத்தம் எடுக்கச் சொல்கிறீர்களா?

தொட்டில்

நல்ல கேள்வி, இதில் எங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. எல்லாக் குழந்தைக்கும் கிளம்பும் முன் ஒரு தடவை அளந்துவிடு என்பவர்கள் இருக்கிறார்கள், நான் அந்தப் பக்கம். குதிகாலில் குத்தி எல்லாரையும் அலைக்கழிக்க வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் முட்டாள்கள் இல்லை.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். 'மஞ்சள் இருக்கிறதா' என்பதற்குக் கண், 'எவ்வளவு' என்பதற்கு ரத்தம். கண் 'இருக்கிறது' என்று சொன்னால் நம்புவேன். 'இல்லை' என்று சொன்னால், குழந்தை கறுப்பாகவோ 38 வாரத்துக்கு முன் பிறந்ததாகவோ தாய் ஓ வகையாகவோ இருந்தால், நம்ப மாட்டேன். முதல் 24 மணி நேரத்தில் லேசாகத் தெரிந்தாலே ரத்தம். வீட்டுக்குப் போனபின் பால் குடிக்காமல் தூங்கினால், கீச்சென்று அழுதால், உடம்பை வில்லாக வளைத்தால் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, கிளம்பிவிட வேண்டும்.

பாட்டிவைத்தியம்

டாக்டர் தம்பி, ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். எங்கள் காலத்தில் குழந்தையின் கோவணத் துணியில் மஞ்சள் கறை பட்டால் காமாலை என்போம். பச்சைக் குழந்தை மூத்திரம் தண்ணீர் மாதிரி இருக்கும், கறை படாது. மலம் வெளுத்து அரிசிமாவு மாதிரி போனால் பயப்படுவோம். இது நிறத்துக்குக் கட்டுப்பட்டதில்லையே?

தொட்டில்

அம்மா, கோபமா? இதை நான் மாணவர்களுக்குச் சொல்ல மறந்திருப்பேன். மலம் எல்லாத் தோலுக்கும் ஒன்றுதான். இரண்டு வாரம் தாண்டியும் காமாலை இருந்து மலம் வெளுத்துப் போனால் பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். அதற்கு அறுவை சிகிச்சை உண்டு, பிறந்து இரண்டு மாதத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன். அந்தக் குழந்தைகள் என்னிடம் தாமதமாகத்தான் வருகிறார்கள், 'தாய்ப்பால் காமாலை, தானாகப் போய்விடும்' என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஆனால் நூல்கண்டு குழந்தைக்கு வந்த வகையில் மலம் மஞ்சளாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று இருந்துவிடக் கூடாது.

ராத்திரிடியூட்டி

சார், பெரியவர்களிடம் எனக்கு எப்போதும் குழப்பம். வயலில் வேலை செய்கிறவர்கள் கண் வெள்ளை பழுப்பாகத்தான் இருக்கிறது. காமாலையா இல்லையா என்று எப்படிப் பிரிப்பது?

தொட்டில்

கீழ் இமையை இழுத்து, மேலே பார்க்கச் சொல்லுங்கள். வெயில் படும் இடத்தில் மட்டும் திட்டுத்திட்டாகப் பழுப்பு, இமைக்குள் ஒளிந்த பகுதி வெள்ளை என்றால் அது நிறமி. மறைந்த பகுதியும் ஒரே சீராக மஞ்சள் என்றால் காமாலை. நாக்கைத் தூக்கச் சொல்லி அடிப்பகுதியையும் பாருங்கள். வார்டு டியூப்லைட்டுக்குக் கீழே வேண்டாம், வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மருதாணி

2018இல் ஒரு ஆய்வு வந்தது, மருத்துவ மாணவர்கள் அதிகம் படிக்கும் நான்கு பாடநூல்களில் படம் படமாக எண்ணினார்கள். கருந்தோல் 4.5 சதவீதம். அதை லண்டனில் படித்த மாலோன் முகுவெண்டே என்ற மாணவர் வேறு மாதிரி எதிர்கொண்டார்: ஒரே நோய் வெள்ளைத் தோலிலும் கருந்தோலிலும் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து 2020இல் ஒரு கையேடு கொண்டுவந்தார். எங்கள் வார்டில் ஒரு பிரதி இருக்கிறது. ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் ஆப்பிரிக்கத் தோல். நம் மாநிறத்துக்கு நானே என் அக்கா பிள்ளைகளின் கரப்பானை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். சிவப்பே கிடையாது. சாம்பல் பூத்த மாதிரி, மயிர்க்கால் மயிர்க்காலாகப் புடைத்து, தொட்டால் உப்புத்தாள் மாதிரி இருக்கும். அக்கா அதை 'வறட்சி' என்று இரண்டு வருஷம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

நூல்கண்டு

எல்லாருக்கும் நன்றி. இன்று நர்ஸம்மா திரும்ப வந்தார். உள்ளங்காலைப் பார்த்தது எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். அவர் மூத்த பையனுக்கு இப்படி ஆகிக் கொஞ்சம் தாமதமாகத்தான் போனார்களாம். பையனுக்கு இப்போது ஒரு காது கேட்பதில்லை. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

தொட்டில் சார், எங்களுக்குக் காது பரிசோதனை எப்போது செய்ய வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை. சீட்டிலும் எழுதவில்லை.

தொட்டில்

இந்த மாதமே செய்யுங்கள். 19.4 சேதம் செய்திருக்க வாய்ப்புக் குறைவு, ஆனால் சோதிக்காமல் விட வேண்டாம். காதில் சின்ன முனை வைத்துப் பார்க்கும் சோதனை மட்டும் போதாது, தலையில் ஒட்டுப் பட்டை ஒட்டி மூளைத்தண்டு வரை பார்க்கும் சோதனை வேண்டும் என்று கேளுங்கள். முதல் வகை உட்காதை மட்டும் பார்க்கும். பிலிருபின் கெடுப்பது அதற்குப் பின்னால் இருக்கும் நரம்பை.